பேக்கப்புக்கும் அடுத்த கால் டைமுக்கும் நடுவே

படப்பிடிப்பில் பேக்கப் சொன்ன பிறகு, ஒரு தொழிலாளி மறுநாள் எத்தனை மணிக்குத் திரும்பி வர வேண்டும் என்பதை இரண்டு வழிகளில் முடிவு செய்யலாம். ஒன்று, மறுநாள் எடுக்க வேண்டிய காட்சியை முன்னால் வைத்து நேரம் குறிப்பது. காலை வெயில் வேண்டும் என்றால் ஐந்தரைக்கே யூனிட் இறங்கியாக வேண்டும். இன்னொன்று, முந்தைய இரவு அவர் வேலையை விட்ட நேரத்திலிருந்து இத்தனை மணி நேரம் கழியும் வரை அவரைக் கூப்பிடக் கூடாது என்று வரம்பு கட்டுவது. இந்த இரண்டாவது வழியே குறைந்தபட்ச இடை ஓய்வு. ஹாலிவுட்டில் ஒளிப்பதிவு, ஒளியமைப்பு, கலை, ஒப்பனை முதலான பிரிவுகளின் தொழிலாளர்களைக் கொண்ட ஐயட்சி சங்கம், 2021 அக்டோபரில் வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை போய் இந்த ஓய்வைப் பத்து மணி நேரமாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. அதற்கு முன் பிரிவுக்கும் தயாரிப்பின் வகைக்கும் ஏற்ப அளவு மாறியது. பத்துக்குக் குறைவாகப் பெற்றவர்கள் பலர். நடிகர்களுக்கோ பன்னிரண்டு மணி நேரம் வெகு காலமாகவே உண்டு. காமிராவுக்கு முன்னால் நிற்கும் முகம் சோர்ந்து தெரியக் கூடாது என்ற கவலையும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பத்து மணி நேரம் என்றால் தாராளமாகத்தான் தோன்றுகிறது. ஒரு லைட்மேனின் இரவைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு. இயக்குநர் பேக்கப் சொல்வது இரவு 11 மணிக்கு. விளக்குகளை இறக்கி, கேபிளைச் சுருட்டி, வண்டியில் ஏற்றி முடிக்க 11.45. வீடு ஒரு மணி நேரத் தொலைவு. குளித்து, ஏதோ சாப்பிட்டு, கண் அயரும்போது ஒன்றரை. அவர் உண்மையில் வேலையை விட்ட 11.45-லிருந்து பத்து மணி நேரம் எண்ணினால் மறுநாள் கால் டைம் 9.45; எட்டு மணிக்கு எழுந்தால் போதும், ஆறரை மணி நேரத் தூக்கம். அதே பத்து மணி நேரத்தை இயக்குநரின் பேக்கப்பிலிருந்து எண்ணினால் கால் டைம் ஒன்பது. தூக்கம் ஐந்தே முக்கால். இடைவெளியை எட்டு மணி நேரமாக்கி, அதையும் பேக்கப்பிலிருந்தே எண்ணினால் காலை ஏழுக்கு வர வேண்டும். அப்போது மிஞ்சுவது மூன்றே முக்கால் மணி நேரம். காகிதத்தில் எட்டு என்று எழுதிய ஓய்வு படுக்கையில் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது.

எனவே எண்ணைப் பற்றிய சண்டைக்கு முன்னால், கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி நிற்கிறது. யூனிட் முழுவதற்கும் ஒரே பேக்கப் நேரம் என்று கொள்வது, முதலில் வந்து கடைசியில் போகிறவர்களிடமிருந்து எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பதாகும். ஜெனரேட்டர் ஆள், டிரைவர், ஒப்பனைக்காரர், உடைப் பிரிவு உதவியாளர் என இவர்களுக்கெல்லாம் கால் டைம் முன்னதாகவே இருக்கும். யூனிட் வண்டியில் வரிசையாக ஏற்றி இறக்கும் இடங்களில், காலையில் முதலில் ஏறுகிறவர் இரவில் கடைசியாக இறங்குவதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை முடிந்த நேரத்திலிருந்து ஓய்வை எண்ணுவதே நியாயம். பயணத்தையும் சேர்த்து, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை எண்ணினால் இன்னும் நல்லது. லாஸ் ஏஞ்சலஸில் நகரின் ஒரு சந்திப்பை மையமாக வைத்து முப்பது மைல் ஆரத்துக்குள் அடங்கும் பகுதி ‘ஸ்டூடியோ மண்டலம்’ எனப்படுகிறது. பொதுவாக அதற்குள் போய்வரும் நேரம் தொழிலாளியின் கணக்கில்தான் போகும். அந்த ஊர்ப் போக்குவரத்தில் முப்பது மைல் என்பது சில நாள்களில் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

பிரச்சினையின் நடுப்புள்ளி அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது. 1997 மார்ச்சில் ‘பிளெசன்ட்வில்’ படத்தில் வேலை செய்த பிரெண்ட் ஹெர்ஷ்மன் என்ற உதவி ஒளிப்பதிவாளர், 19 மணி நேர வேலைநாளுக்குப் பிறகு காரை ஓட்டி வீடு திரும்புகையில் கண்ணயர்ந்து, கம்பத்தில் மோதி இறந்தார். அவருக்கு வயது 35. சக தொழிலாளர்கள் ஒரு வேலைநாளை 14 மணி நேரத்துக்குள் நிறுத்தக் கோரி ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். ‘பிரெண்ட் விதி’ என்று பெயர்பெற்ற அந்தக் கோரிக்கை தொழில்முழுவதற்குமான விதியாக மாறவில்லை. ஒளிப்பதிவாளர் ஹஸ்கல் வெக்ஸ்லர் இதைத் தொடர்ந்து பேசினார். 2006-ல் தூக்கமின்மை பற்றியே ஓர் ஆவணப்படம் எடுத்தார். பன்னிரண்டு மணி நேர வேலை, பன்னிரண்டு மணி நேர ஓய்வு என்பது அவர் முன்வைத்த அளவு.

தூக்கம் குறைந்தவர் எந்த அளவு ஆபத்தானவர் என்பதற்குத் தெளிவான ஒப்பீடு ஒன்று அதே 1997-ல் வெளிவந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குக் குறைவதைச் சோதனையில் காட்டினார்கள். இந்தியாவில் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்படும் உச்சவரம்பு 0.03. ஆறு மணிக்கு எழுந்து நள்ளிரவில் காரைக் கிளப்பும் உதவியாளர், ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே, சட்டம் தண்டிக்கும் நிலையைத் தாண்டியிருக்கிறார்.

இதிலிருந்து ஒழுக்கக் கேள்வி கூர்மையாகிறது: ஓய்வை விற்கலாமா? ஹாலிவுட் ஒப்பந்தங்களில் இடை ஓய்வு உடைக்கவே முடியாத சுவர் அல்ல. உடைத்தால் அபராதம் உண்டு, அவ்வளவுதான். ஓய்வு முடியும் முன்பே ஒருவரைக் கூப்பிட்டால் அதற்குத் தனியாகக் கூடுதல் தொகை கொடுத்தாக வேண்டும். நடிகர்களுக்கு அது ஒரு நாள் சம்பளம் அல்லது 950 டாலர், எது குறைவோ அது என்று நெடுங்காலம் இருந்துவந்தது. சுதந்திர ஒப்பந்தத்தை மதிக்கிறவர் இதில் குறை காண மாட்டார். வயது வந்த ஒரு தொழிலாளி தன் தூக்கத்தைக் கூடுதல் கூலிக்கு விற்க விரும்பினால், தடுக்க மற்றவருக்கு என்ன உரிமை? இந்த வாதத்தை எளிதாக ஒதுக்க முடியாது. படத்துக்குப் படம் வேலை தேடுகிறவருக்கு, அடுத்த மூன்று மாதம் வேலை இருக்குமோ இராதோ என்ற நிலையில், இந்த வாரத்தின் கூடுதல் பணம் வாடகையாகவும் பள்ளிக் கட்டணமாகவும் ஆகிறது. தமிழ்ப் படப்பிடிப்பில் ஒன்றரை கால்ஷீட், இரண்டு கால்ஷீட் என்று கணக்கு ஏறும்போது லைட்மேன்கள் முகம் சுளிக்காமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.

ஆனாலும் இந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. விற்பதாகச் சொல்லப்படும் பொருள் முழுவதும் விற்பவருடையது அல்ல என்பது முதலாவது. அவர் ஓட்டும் காருக்கு எதிரே வருகிறவர் இந்தப் பேரத்தில் கையெழுத்திடவில்லை. உயரத்தில் கட்டிய கனமான விளக்குக்குக் கீழே நிற்கும் நடிகரும், அவர் முடிச்சுப் போட்ட கயிற்றை நம்பித் தொங்கும் சண்டைக் கலைஞரும் அப்படியே. இரண்டாவது, சம்மதம் கேட்கப்படும் நேரம். இரவு பதினொரு மணிக்கு, “காலையில ஆறுக்கு வந்துடுவீங்கல்ல?” என்று மேனேஜர் கேட்கும்போது, பதில் சொல்வது ஏற்கெனவே களைத்த மூளை. தன் களைப்பைத் தானே குறைத்து மதிப்பிடுவது தூக்கமின்மையின் முதல் அறிகுறிகளில் ஒன்று. முடியாது என்று சொல்பவர் அடுத்த படத்துக்குக் கூப்பிடப்பட மாட்டார் என்ற அச்சமும் பதிலுக்குப் பின்னால் நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சம்மதத்துக்குக் கனம் குறைவுதான்.

அபராதத்தின் இயல்பும் கவனிக்கத்தக்கது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளைகளைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தபோது தாமதம் கூடியது. பெற்றோர் அதைத் தாமதத்துக்கான விலையாக எடுத்துக்கொண்டார்கள் என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தயாரிப்பு அலுவலகத்தில் நடப்பதும் இதுதான். ஒரு நாள் லொக்கேஷன் வாடகை, நட்சத்திரத்தின் தேதி, காமிரா வாடகை இவற்றின் பக்கத்தில் வைத்தால், பத்துப் பேரின் ஓய்வை உடைக்கும் தொகை பட்ஜெட்டில் ஒரு வரி. முன்கூட்டியே அந்த வரியைத் திட்டத்தில் எழுதி வைக்கும் தயாரிப்பு, விதியை மீறுவதாகவே நினைப்பதில்லை. அபராதம் தடையாக வேலை செய்ய வேண்டுமானால், மீறிய ஒவ்வொரு மணிக்கும் அது ஏற வேண்டும், இரண்டாவது மீறலுக்கு இரட்டிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே, எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், எந்த விலைக்கும் விற்க முடியாத தளம் இருக்க வேண்டும்.

தயாரிப்பாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். சிறு படத்துக்கு ஒரு நாள் நீண்டால் படமே நின்றுபோகலாம். நின்றால் தொழிலாளிக்கும் சம்பளம் இல்லை. மழை, பழுதான ஜெனரேட்டர், அனுமதி முடியும் ரயில் நிலையம் என்று யாரும் திட்டமிடாத இடர்கள் வரத்தான் செய்யும். இவற்றுக்கு விலக்கு தேவை. ஆனால் விலக்குக்கு ஓர் எளிய சோதனை உண்டு: அந்த இடரை முந்தைய வாரமே கணித்திருக்க முடியுமா? ஒரு நாளைக்கு எட்டுக் காட்சி என்று எழுதிய அட்டவணை பன்னிரண்டு மணி நேரத்தில் முடியாது என்பது எழுதும்போதே உதவி இயக்குநருக்குத் தெரியும். அங்கே வரும் தாமதத்தை இடர் என்று அழைக்க முடியாது. அதன் செலவு திட்டமிட்டவரின் கணக்கிலேயே சேர வேண்டும்.

இடை ஓய்வை மட்டும் கட்டி, வேலைநாளின் நீளத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வாரக் கணக்கு காட்டும். திங்கள் காலை ஆறுக்குத் தொடங்கி 14 மணி நேரம் நடந்தால் பேக்கப் இரவு எட்டு. நடிகர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஓய்வு உண்டு. ஆகவே செவ்வாய் காலை எட்டுக்குத் தொடக்கம், இரவு பத்துக்கு முடிவு. இப்படி நாளுக்கு இரண்டு மணி நேரம் நழுவிக்கொண்டே போய், வெள்ளிக்கிழமை மதியம் இரண்டுக்குத் தொடங்கும் வேலை சனிக்கிழமை அதிகாலை நான்குக்கு முடிகிறது. எந்த நாளிலும் எவருடைய பத்து மணி நேரமும் மீறப்படவில்லை. ஆனால் உடல் உறக்கத்துக்காக ஏங்கும் அந்த நான்கு மணிக்குத்தான் எல்லோரும் சாவியைத் திருகுகிறார்கள், சனிக்கிழமைப் பகல் தூக்கத்தில் கரைகிறது. ஹாலிவுட்டில் இதற்கு ‘ஃபிராட்டர்டே’ என்றே பெயர். 2021 ஒப்பந்தம் ஐந்து நாள் வேலை வாரத்துக்கு 54 மணி நேர வார ஓய்வு விதித்ததால், சனி அதிகாலை நான்கிலிருந்து எண்ணினால் திங்கள் காலை பத்துக்கு முன் கூப்பிட முடியாது. முந்தைய திங்களைப் போல ஆறு மணிக்கு வரச் சொன்னால் நான்கு மணி நேர மீறல். அந்த அளவில் வார ஓய்வு நழுவலைத் தடுக்கிறது. ஆனால் நாளுக்குப் 14 மணி நேரம் என்ற வேலையை அது தொடவில்லை. பதினான்கும் பத்தும் சேர்ந்தால் இருபத்துநான்கு. ஒப்பந்தத்தை எதிர்த்த தொழிலாளர்கள் சுட்டிய குறையும் இந்தக் கூட்டல்தான். வாக்கெடுப்பில் ஒப்பந்தம் குறுகிய வித்தியாசத்திலேயே தேறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர நெறிமுறை ஒவ்வொரு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்ளும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கேட்கிறது. அதைப் பின்பற்றினால் உணவு இடைவேளை உட்பட வேலைநாள் பதின்மூன்றைத் தாண்ட முடியாது.

களைத்தவருக்கு விடுதி அறையோ வாகனமோ தரும் ஏற்பாடு இப்போது பல தயாரிப்புகளில் இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள் என்பது அதன் பலவீனம். கேட்பவர் தன் இயலாமையை அறிவிப்பதுபோல ஆகிறது; களைப்பு மிகுந்தவரே கேட்க மறக்கிறவர். வேலை குறிப்பிட்ட மணியைத் தாண்டியதும் எவரும் கேளாமலே அறையும் வண்டியும் ஒதுக்கப்பட்டு, வேண்டாதவர் மறுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் திருப்பி எழுதினால், அதற்கு ஆகும் செலவை அந்த இரவின் நீட்டிப்புக்கு உத்தரவிடும் முன்பே மேனேஜர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.