வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதும் நன்றி

இன்றைய சிந்தனை

கல்யாண வீட்டில் மொய் நோட்டுக்கு ஒரு வேலை உண்டு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதி வைத்தால்தான் நாளை அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய முடியும். பழைய மாணவர்கள் கூடி, ஓய்வு பெறும் ஆசிரியருக்குத் தரும் பரிசும் பார்வைக்கு மொய் மாதிரியே இருக்கும். அதிலும் பட்டியல் உண்டு, தொகை உண்டு, வசூல் செய்கிறவர் உண்டு. ஆனால் ஆசிரியர் அதைத் திருப்பிச் செய்யப் போவதில்லை. மாணவர்கள் அதை எதிர்பார்த்துக் கொடுக்கவும் இல்லை. அவர் பக்கத்திலிருந்து போகக்கூடியது ஒரு நன்றிச் செய்தி மட்டும்தான். அதை வசூல் பட்டியலைப் பார்த்து எழுதப் போகிறாரா, பழைய வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொண்டு எழுதப் போகிறாரா? எழுத உட்காரும் முன் ஆசிரியர் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

வசூல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பணி நிறைவு பாராட்டு விழா என்று அழைப்பிதழ் வந்ததும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கும். பொறுப்பான இரண்டு பேர் முன்வருவார்கள். ஒருவருடைய ஜிபே எண் குழுவில் போடப்படும். பணம் வர வர, பெயர், தொகை, எதிரே ஒரு டிக் என்று பட்டியல் வளரும். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அதைத் தினமும் பகிர்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. யார் ஐயாயிரம் போட்டார், யார் இருநூறு போட்டார், யார் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. விழா முடிந்த பிறகு ஆசிரியரையும் அதே குழுவில் சேர்க்கிறார்கள். அவர் எழுதப் போகும் நன்றியை, டிக் இல்லாத பெயர்களும் அங்கேயே இருந்து படிக்கப் போகின்றன.

ஒரு கணக்கு ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். சிற்றூர் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளி. தமிழ்நாட்டில் அரசு ஆசிரியருக்கு ஓய்வு வயது 2021 முதல் 60. கல்வியாண்டின் நடுவில் அந்த வயது வந்தால், பிள்ளைகளின் படிப்பு தடைப்படாமல் இருக்க ஆண்டு முடியும் வரை மறுநியமனத்தில் தொடர்வது வழக்கம். இவரும் அப்படித் தொடர்ந்து, கோடையில் விடைபெறுகிறார். 2013-ல் அவரிடம் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் சேர்ந்து அரைப் பவுன் மோதிரம் ஒன்று வாங்கி, பொன்னாடை போர்த்தி, விழா மேடையில் அவர் விரலில் போட்டுவிட்டார்கள். அந்த வகுப்பில் நாற்பத்தைந்து பேர். பட்டியலில் டிக் விழுந்தது முப்பது பேருக்கு.

அன்று இரவே அவர் எழுதிய முதல் வரைவு இப்படி இருக்கும்: எனது பணிக்காலத்தில் உங்களைப் போன்ற மாணவச் செல்வங்களைப் பெற்றது என் பாக்கியம், நீங்கள் அனைவரும் மென்மேலும் உயர எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 2013 என்பதை 1998 என்று மாற்றினால் அந்த வகுப்புக்கும் இது பொருந்தும். மோதிரத்துக்குப் பதில் குத்துவிளக்கு கொடுத்திருந்தாலும் பொருந்தும். எந்த வகுப்புக்கும் அனுப்பக்கூடிய நன்றி, எந்த வகுப்புக்கும் எழுதப்பட்டதல்ல. படிக்கிறவர்கள் இதை உடனே கண்டுகொள்வார்கள். பதிலுக்கு வரிசையாகக் கும்பிடும் கைகள் மட்டும் வரும். ஒருவர்கூட ஒரு வாக்கியம் எழுத மாட்டார். செய்தி எங்கும் போய்ச் சேரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

மறுநாள் எழுதும் இரண்டாவது வரைவில் வேறொரு கோளாறு நுழையும். இன்னும் நெருக்கமாக எழுத வேண்டும் என்று நினைத்து அவர் பெயர்களைச் சேர்ப்பார். சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பியவர், டாக்டர் ஆனவர், வருவாய்த் துறையில் வேலைக்குப் போனவர் என்று நான்கு பேரைக் குறிப்பிடுவார். அந்த நால்வருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பஞ்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே முந்நூறு ரூபாய் அனுப்பியவர் என்ன நினைப்பார்? அந்த மாதம் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் ஒன்றும் அனுப்ப முடியாமல் போனவர் என்ன நினைப்பார்? பள்ளியில் படித்தபோது இருந்த ரேங்க் அட்டை திரும்பவும் கைக்கு வந்ததுபோல இருக்கும். யாரும் சண்டை போட மாட்டார்கள். ஒன்றிரண்டு பேர் சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறுவார்கள், அவ்வளவுதான். அதற்குக் காரணம் தன் நன்றிதான் என்று ஆசிரியருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

மூன்றாவது வரைவுக்கு உட்காரும்போது அவர் வசூலை மறந்துவிட்டு அந்த ஆண்டை நினைத்துப் பார்க்கிறார். 2012-13-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளில் பாதி நேரம்கூட மின்சாரம் இல்லாமல் போனது உண்டு. பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் அப்போது வரைபடத்துக்குப் பத்து மதிப்பெண், செய்முறை வடிவியலுக்குப் பத்து. இயற்கணிதம் வராத பிள்ளைகளைக்கூடக் கரையேற்றக்கூடிய இருபது மதிப்பெண் அது. அதனால் மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்து, வகுப்பறை இருட்டானதும் எல்லாரையும் வராண்டாவுக்குக் கூட்டி வந்து, வெளிச்சம் இருக்கும் வரை வரைபடம் போடச் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் முதல் மதிப்பெண் வாங்கியவர் இருந்தார், தேர்வில் தவறி மறுபடி எழுதியவரும் இருந்தார். இன்று பணம் போட்டவரும் போடாதவரும் அந்த வராண்டாவில் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நன்றிச் செய்தியில் வைக்க வேண்டிய நினைவு இப்படிப்பட்டதுதான். அதில் வகுப்பில் இருந்த எல்லாருக்கும் இடம் இருக்க வேண்டும்.

இனி பரிசைப் பற்றி ஒரு வரி வேண்டும். மிக அருமையான பரிசு என்று எழுதினால் அது எதைப் பற்றியும் சொன்னதாகாது. பொருளின் பெயரைச் சொல்லி, அதை என்ன செய்யப் போகிறார் என்று சொன்னால்தான் கொடுத்தவர்களுக்கு அது கண்ணில் தெரியும். இங்கே உண்மையையே சொல்லலாம். பீரோவில் வைத்துப் பூட்டப் போகிறவர், தினமும் போட்டுக்கொள்வேன் என்று எழுத வேண்டியதில்லை. அடுத்த விழாவில் வெறும் விரலைப் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். இந்த ஆசிரியருக்கு மோதிரம் போடும் பழக்கமே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் இப்போது இல்லை. அதை அப்படியே எழுதினார்.

அவர் கடைசியில் அனுப்பியது இதுதான்:

"அன்புள்ள பிள்ளைகளுக்கு, நீங்கள் போட்டுவிட்ட மோதிரம் விரலில் இருக்கிறது. சாக்பீஸ் தூள் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும் என்று இத்தனை வருடம் நான் மோதிரமே போட்டதில்லை. இனி சாக்பீஸ் இல்லை, அதனால் தாராளமாகப் போட்டுக்கொள்கிறேன். கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் வராண்டாவில் உட்கார்ந்து வரைபடம் போட்டோமே, அந்த வகுப்பு மொத்தமும் சேர்ந்து கொடுத்ததாகத்தான் இதை வாங்கிக்கொண்டேன். யார் என்ன கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம்; பட்டியலை எனக்கு அனுப்ப வேண்டாம் என்று வசூல் செய்த இருவரிடமும் சொல்லிவிட்டேன். அலைந்து திரிந்து இதைச் செய்து முடித்த அந்த இருவருக்கும் தனியாக என் நன்றி. விழாவுக்கு வர முடியாதவர்கள் சங்கடப்பட வேண்டாம். ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள், காபி சாப்பிட்டுப் போகலாம். உங்கள் கணக்கு சார்."

இதில் அறிவுரை இல்லை. விடைபெறும் நாளில் ஆசிரியர்களுக்குக் கடைசியாக ஒரு பாடம் நடத்திவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். நேர்மையாக இரு, பெற்றோரைப் பார்த்துக்கொள் என்று பத்து வரி சேர்ந்துவிடும். இருபத்தெட்டு வயதில் வீட்டுக் கடனும் கைக்குழந்தையுமாக இருப்பவர்களிடம் அதைச் சொல்ல இது இடமில்லை. இதற்கெல்லாம் நான் தகுதியற்றவன் என்ற பணிவும் இதில் இல்லை. அப்படி எழுதினால், இல்லை சார், நீங்கள்தான் எங்களுக்கு எல்லாம் என்று மாணவர்கள் திரும்ப அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். நன்றி சொல்ல வந்தவர் இன்னும் கொஞ்சம் பாராட்டைக் கேட்டு வாங்கியதுபோல ஆகிவிடும். வசூல் செய்த இருவருக்கு மட்டும் தனி நன்றி சொன்னது பாரபட்சம் ஆகாது. அது தொகைக்குச் சொன்னதல்ல, உழைப்புக்குச் சொன்னது. ஞாபகப்படுத்தி, நகைக்கடைக்குப் போய், விரல் அளவை அவர் வீட்டில் ரகசியமாகக் கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

எழுத்தா, குரல் பதிவா என்றும் கேட்பார்கள். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பதிவு பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பேசும்போது நாக்கு தானாகவே பழகிய பெயர்களுக்குப் போய்விடும், பிறகு திருத்தவும் முடியாது. எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே படித்துப் பதிவு செய்து அனுப்பினால் இரண்டும் நிறைவேறும். விழா இரவின் களைப்பில் அனுப்பாமல், ஓரிரு நாள் கழித்து அனுப்பினாலும் தாமதம் என்று யாரும் சொல்லப் போவதில்லை.

திருக்குறளின் பதினோராவது அதிகாரமான செய்ந்நன்றியறிதல், ஓர் உதவியை எதைக் கொண்டு அளப்பது என்பதற்கே பல குறள்களைச் செலவிடுகிறது. பதிலுக்கு எதிர்பார்க்காமல் செய்தது, தக்க நேரத்தில் செய்தது என்று வள்ளுவர் பல அளவைகளைச் சொல்கிறார். உதவியின் அளவைப் பெற்றவரின் பண்பைக் கொண்டும் அளக்கிறார். கொடுத்த தொகையைக் கொண்டு அளக்கும்படி அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு விடைபெறும் ஆசிரியப் பெருமக்களே, உங்கள் நன்றிச் செய்தியை அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன், பட்டியலில் டிக் விழாத ஒரு பிள்ளையின் கண்ணால் அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குத் தலை குனியாத செய்தி என்றால் தயங்காமல் அனுப்புங்கள்.