எண்பது டாலர் அறை

கல்லூரி நண்பன் ஒருவன் 2023இல் வேலை விஷயமாக லாஸ் வேகஸ் போயிருந்தான். திரும்பி வந்ததும் சொன்னான்: "ரூம் எண்பது டாலர்னு போட்டிருந்துச்சுடா. நூத்தி நாப்பத்தொண்ணு கட்டிட்டு வந்தேன்."

"ஏமாத்திட்டாங்களா?"

கொஞ்சம் யோசித்தான். "அதான் சொல்லத் தெரியல. எல்லாத்தையும் சொல்லித்தான் வாங்கினாங்க."

இந்தப் பதில் என்னை விடவே இல்லை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருவரை ஏமாற்ற முடியுமா?

முதலில் அவனுடைய கணக்கு. அறை வாடகை 80. 'ரிசார்ட் ஃபீ' 45. இரண்டும் சேர்ந்த 125க்கு ஏறக்குறைய 13 விழுக்காடு அறை வரி, அதாவது 16 டாலரும் சில்லறையும். மொத்தம் 141. அந்த 45 எதற்கு? வைஃபை, உடற்பயிற்சிக் கூடம், உள்ளூர்த் தொலைபேசி அழைப்புகள். அவன் உடற்பயிற்சிக் கூடத்தின் கதவைக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு வேண்டாம், எடுத்துடுங்க" என்று கேட்டிருக்கிறான். முடியாது என்றார்கள்.

என்னைப் பொறுத்தவரை விஷயம் அங்கேயே தெளிவாகிவிடுகிறது. வேண்டாம் என்று சொல்ல முடிந்தால் அது கூடுதல் சேவை. சொல்ல முடியாவிட்டால் அது வாடகை, பெயர் மட்டும் வேறு. அந்த அறையின் விலை 80 அல்ல, 125.

அப்படியென்றால் 125 என்றே போடலாமே? பக்கத்தில் இன்னொரு விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே தனிக் கட்டணம் கிடையாது, வாடகை 110. உண்மையில் அதுதான் மலிவு. ஆனால் தேடுதளத்தில் விலை வரிசைப்படி அடுக்கினால் 80 மேலே நிற்கும், 110 கீழே போகும். நேர்மையாக விலை போட்டவர்தான் வாடிக்கையாளரை இழக்கிறார். அடுத்த மாதம் அவரும் 65 + 45 என்று பிரித்துப் போட்டால் அவரை எப்படித் திட்டுவது? இதைத் தனிமனிதர்களின் பேராசை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாதது இதனால்தான்.

"கடைசிப் பக்கத்துல மொத்தம் தெரியுதில்ல, பிடிக்கலன்னா விட்டுட்டுப் போகலாமே?" என்று கேட்கலாம். போகலாம்தான். ஆனால் 2015இல் நிகழ்ச்சி டிக்கெட்டுகளை மறுவிற்பனை செய்யும் ஸ்டப்ஹப் தளத்தில் ஒரு சோதனை நடந்தது. ஒரு சாராருக்குக் கட்டணம் சேர்ந்த முழு விலையை முதலிலேயே காட்டினார்கள், மற்றவர்களுக்குக் கடைசியில். கடைசியில் பார்த்தவர்கள் சுமார் 21 விழுக்காடு அதிகம் செலவழித்தார்கள். தேதி பார்த்து, படம் பார்த்து, மனதுக்குள் அந்த அறையில் குடியேறிய பிறகு வரும் உண்மைக்கு வலு குறைவு. இங்கே யாரும் உண்மையை மறைக்கவில்லை. நாம் களைத்துப்போகும் இடமாகப் பார்த்து அதை வைத்திருக்கிறார்கள்.

இமானுவேல் கான்ட் தன் அறவியல் வகுப்புகளில் ஓர் உதாரணம் சொல்வார். நான் பெட்டி கட்டுகிறேன். பார்ப்பவர்கள் நான் பயணம் கிளம்புவதாக நினைக்கட்டும் என்பதே என் எண்ணம். ஆனாலும் அது பொய்யாகாது, ஏனென்றால் என் மனதில் இருப்பதைச் சொல்லும்படி கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. சரி, விடுதிக்கு இது பொருந்துமா? பொருந்தாது என்றே நினைக்கிறேன். விலைப்பலகை என்பதே "என்ன விலை?" என்று கேட்க உரிமை உள்ளவருக்குத் தரும் பதில். பெட்டி கட்டுபவர் யாருக்கும் எதையும் அறிவிக்கவில்லை. 80 என்று எழுதியவர் அறிவித்துவிட்டார்.

நகரச் சுற்றுலா வரியையும் இதே கணக்கில் சேர்க்கலாமா? ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 விழுக்காடு. கனமான தொகைதான். ஆனால் அதை நிர்ணயிப்பது நகர நிர்வாகம், போய்ச் சேர்வதும் அங்கேதான். எல்லா விடுதிக்கும் ஒரே விகிதம் என்பதால் யாரும் அதை வைத்துப் போட்டியாளரை விட மலிவாகத் தோன்ற முடியாது. கசப்பு இருக்கலாம், தந்திரம் இல்லை. அந்த வரியையும் கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைத்தால் மட்டும் அதுவும் தந்திரமாகிவிடும்.

அமெரிக்க வணிக ஆணையம் 2012இலேயே 22 விடுதி நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. விதி நடைமுறைக்கு வந்தது 2025 மே 12இல். கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே, பிற விலைகளைவிட எடுப்பாகக் காட்ட வேண்டும். அரசு வரியை மட்டும் அந்த மொத்தத்தில் சேர்க்காமல் விடலாம், ஆனால் பணம் கட்டச் சொல்வதற்கு முன்பாக அதையும் சொல்லியாக வேண்டும். ரிசார்ட் ஃபீ தடைசெய்யப்படவில்லை, அதன் அளவுக்கும் வரம்பு இல்லை.

நண்பனிடம் சொன்னேன்: "இப்ப போனா மொதல்லயே 125னு காட்டுவாங்க."

"அப்போ அதே காசுதானே?"

அதே காசுதான். ஆனால் இப்போது 110 டாலர் அறை அவன் கண்ணில் முதலில் படும்.