கண்ணை மூடாமல் வாங்குவீர்களா? அப்படியானால் கொடுங்கள்

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஃது.



நம் பள்ளிவாசல் வாசலில் இந்த வாரம் ஒரு பதாகை கட்டியிருக்கிறோம். உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள். "கண்ணை மூடாமல் வாங்குவீர்களா? அப்படியானால் கொடுங்கள்" என்று எழுதியிருக்கிறது. கீழே சிறிய எழுத்தில், பழைய துணி சேகரிப்பு, இரண்டு வாரம், அஸருக்குப் பின் மஃக்ரிப் வரை என்று இருக்கிறது. நேற்று ஒரு பெரியவர் என்னிடம், "ஹஜ்ரத், தர்மம் கேட்கிற இடத்தில் இப்படிக் கேள்வி கேட்டால் யார் கொடுப்பார்கள்? 'பழையதைத் தாருங்கள், நன்மையைப் பெறுங்கள்' என்று எழுதியிருக்கலாமே?" என்றார். அவர் சொன்ன வாசகத்தைத்தான் போன வருடம் எழுதியிருந்தோம். அதனால் என்ன நடந்தது என்பதை இன்று சொல்லத்தான் வேண்டும்.

அதற்கு முன், இந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். சூரா அல்பகராவின் 267-வது வசனத்தில் அல்லாஹ் நம்மை எச்சரிக்கிறான். உங்கள் சம்பாத்தியத்தில் நல்லதைச் செலவிடுங்கள். மட்டமானதைத் தேடிப் பிடித்துக் கொடுக்காதீர்கள். அதையே உங்களுக்கு யாராவது தந்தால் கண்ணை மூடிக்கொண்டே தவிர வாங்கமாட்டீர்களே என்பது அதன் கருத்து. இந்த வசனம் இறங்கிய சூழலை பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள், திர்மிதியில் பதிவாகியுள்ளது. மதீனாவின் அன்ஸாரிகள் பேரீச்சந்தோட்டக்காரர்கள். அறுவடைக் காலத்தில் குலைகளைக் கொண்டுவந்து மஸ்ஜிதுந் நபவியில் தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்கள், அதாவது வீடு வாசல் இல்லாமல் பள்ளியிலேயே தங்கியிருந்த ஸஹாபாக்கள், பசித்தபோது வந்து ஒரு தடியால் தட்டி, விழுகிற பழத்தைச் சாப்பிடுவார்கள். அந்தக் குலைகளுக்கு நடுவே சிலர் காய்ந்து சுருங்கிய பழமும் ஒடிந்த குலையும் மாட்டிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் இந்த வசனம் இறங்கியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பள்ளிவாசல். ஏழைகளுக்காகப் பொருள் சேகரிக்கிற ஓர் இடம். யார் எதை மாட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாளை நம் பள்ளியின் பின்பக்க அறையில் நடக்கப்போவதும் இதேதான். அங்கே தொங்கியது பழம், இங்கே குவியப்போவது துணி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி போன வருடக் கதை. சேகரிப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை இளைஞர்களோடு நானும் உட்கார்ந்து மூட்டை பிரித்தேன். ஒரு பெரிய சாக்கு. மேலே அழகான பட்டுப் பாவாடை இரண்டு. கொடுத்தவர் மனம் பெரியது என்று நினைத்தோம். அதற்குக் கீழே காலர் கிழிந்த சட்டைகள், ஜிப் போன பேண்ட்கள், ரவிக்கை இல்லாத சேலைகள், கமீஸ் இருக்கிறது சல்வார் இல்லை, துப்பட்டா இருக்கிறது கமீஸ் இல்லை. நடுவில் ஈரமாக மடித்து வைத்த ஒரு போர்வை. அதிலிருந்து பூஞ்சணம் மொத்தச் சாக்கிற்கும் பரவி, அந்தப் பட்டுப் பாவாடைகளும் நாறின. ஒருவருடைய அவசரம், இன்னொருவருடைய நல்ல தர்மத்தையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. அன்று தேறிய துணியைவிடக் கழித்த துணியே அதிகம். கழித்ததை ஏற்றிப்போக வண்டி வாடகை கொடுத்தது ஜமாஅத் நிதியிலிருந்து. அதாவது, யாரோ கொடுத்த சந்தாவை எடுத்து, யாரோ கொடுத்த குப்பையை அள்ளினோம்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் லாரி லாரியாகத் துணி வந்தது. பாதிக்கப்பட்ட மக்கள் பலர் அதைத் தொடவில்லை. சாலை ஓரங்களில் துணிமலைகளாகக் கிடந்து, வெயிலிலும் மழையிலும் ஊறிப்போயிற்று. "இழந்தவன் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்று அன்று பேசியவர்களும் உண்டு. நேற்று வரை சொந்தப் படகில் உழைத்துச் சாப்பிட்ட மீனவர் அவர். வீட்டையும் பிள்ளையையும் இழந்து நிற்கும்போது, இன்னொருவர் கழற்றிப்போட்ட கிழிசலைக் கையில் எடுக்க அவருக்கு மனம் வருமா? டெல்லியில் அன்ஷு குப்தா என்பவர் 1999-ல் தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பு, அப்படி வீணாகக் கிடந்த துணிகளைப் பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுபோகும் வேலையில் இறங்கியது. உடுத்தவே முடியாத பருத்தித் துணியைத் துவைத்து, வெட்டி, கிராமத்துப் பெண்களின் மாதாந்திரத் தேவைக்கான துணியாக்கிக் கொடுப்பதும் அவர்கள் செய்கிற பணி. பேரிடர் வந்த இடத்தில் மக்களைக் கவனிக்க வேண்டிய கைகள், நாம் அனுப்பியதைப் பிரிப்பதில் செலவாயின.

சரி, எது உடுத்தக்கூடிய பழைய துணி? இதற்கு ஃபிக்ஹிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. சத்தியத்தை முறித்தவர் கஃப்பாராவாகப் பத்து ஏழைகளுக்கு உடை கொடுக்கலாம் என்பது குர்ஆனின் சட்டம். அந்த உடை புதிதாகத்தான் இருக்க வேண்டுமா? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் சொல்கிறார்கள்: உடுத்திய துணியும் போதும், ஆனால் அதன் வலு போயிருக்கக் கூடாது. பழையதா புதியதா என்று அவர்கள் பார்க்கவில்லை. வலு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

வலுவை வீட்டிலேயே சோதிக்கலாம். துணியை இரண்டு கைகளிலும் பிடித்து, கட்டைவிரல்களுக்கு நடுவே இரண்டு அங்குலம் விட்டு, மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் விலகி இடைவெளி தெரிந்தாலோ, லேசாகப் பிரிகிற சத்தம் கேட்டாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. சட்டையில் அக்குளையும் காலர் மடிப்பையும் பாருங்கள். வியர்வை முதலில் அரிப்பது அங்கேதான். சேலையில் மடிப்புக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த சேலை, பார்க்கப் புதிதுபோல் இருக்கும். கட்டிய அன்றே மடிப்போடு கிழியும். குழந்தைகளின் காற்சட்டையில் எலாஸ்டிக்கை இழுத்துவிடுங்கள். திரும்பிச் சுருங்காவிட்டால் வேறு எலாஸ்டிக் மாட்டிக் கொடுங்கள், அல்லது கொடுக்காதீர்கள். பொத்தான் போயிருந்தால் அதைத் தைத்துக் கொடுக்கிற சிரமத்தையும் உங்கள் ஸதகாவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு துவைத்து, முழுதாக ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். இஸ்திரி தேவையில்லை. ஜோடியாக உள்ளதைச் சேர்த்துக் கட்டுங்கள்: சேலையோடு ரவிக்கை, கமீஸோடு சல்வாரும் துப்பட்டாவும். குழந்தைத் துணியாக இருந்தால் ஒரு காகிதத்தில் "ஆண், 4 வயது" என்று எழுதிச் செருகுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், ஒரு தாய் மூட்டை முழுவதையும் நாலு பேர் முன்னால் கிளறிப் பிள்ளைக்கு அளவு பார்க்க வேண்டியிருக்கிறது.

கைலி, வேட்டி, பருத்திச் சேலை, புர்கா, பிள்ளைகளின் உடை, பெட்ஷீட், போர்வை, துண்டு இவைதான் அதிகம் தேவைப்படுகின்றன. உடுத்திய உள்ளாடைகள் வேண்டாம். வாங்குபவர் யாராக இருந்தாலும் அதைப் புதிதாகத்தான் பெற வேண்டும். அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதைச் சொல்கிறேன்.

துணி எங்கே போகிறது? முதலில் மூன்று குவியலாகப் பிரிப்போம். பெண்களின் உடைகளைப் பெண்கள் பகுதியில் சகோதரிகளே பிரிப்பார்கள். உடுத்தத் தக்கவை முதல் குவியல். வலு போன பருத்தி இரண்டாவது. அதை லாரி பட்டறைக்காரர்கள் எண்ணெய் துடைக்கக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். பருத்தி எண்ணெயை உறிஞ்சும். பாலியஸ்டர் துணி துடைக்க அந்த அளவுக்கு உதவாது, அதனால் அதை அவர்கள் வாங்குவதில்லை. இரண்டாவது குவியலில் வரும் காசில்தான் புதிய உள்ளாடைகள் வாங்குவோம். ஆகவே வலு போன பருத்தி உங்களிடம் இருந்தால் அதையும் தாருங்கள், ஆனால் தனிப் பையில், துவைத்து, மேலே "பட்டறைக்கு" என்று எழுதித் தாருங்கள். நல்ல துணிக்கு நடுவே ஒளித்துத் தராதீர்கள். குலைகளுக்கு நடுவே சுருங்கிய பழத்தை மாட்டியவர் செய்ததும் அதுதானே.

கம்பளி ஸ்வெட்டர் நம் பக்கத்தில் குறைவு. வந்தால், வியாபாரிகள் வழியாக ஹரியானாவின் பானிபட் வரை போகக்கூடியது. அங்கே பொத்தானையும் ஜிப்பையும் வெட்டி எடுத்து, நிறவாரியாகப் பிரித்து, இயந்திரத்தில் கிழித்து மீண்டும் நாராக்கி, நூலாக நூற்றுப் போர்வை நெய்கிறார்கள். நிவாரண முகாம்களில் கொடுக்கப்பட்ட விலை குறைந்த போர்வைகள் பல அப்படி வந்தவைதான். மூன்றாவது குவியல், கிழிந்த பாலியஸ்டரும் நைலானும். அதற்கு எங்களிடம் வழி இல்லை. தயவுசெய்து அதைப் பள்ளிக்குக் கொண்டுவராதீர்கள். எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குத்தான் போகும்.

முதல் குவியல் இந்த வருடம் நம் மஹல்லாவில் விநியோகிக்கப்படாது. இதில் சிலருக்கு வருத்தம் இருக்கிறது, தெரியும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மக்தபில் ஒரு சிறுவன் கோடு போட்ட சட்டை அணிந்து வந்தான். பக்கத்தில் இருந்த பையன், "இது என் சட்டை, பாக்கெட்டில் மைக்கறை பாரு" என்று எல்லார் முன்னாலும் காட்டினான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சின்னப் பிள்ளை. ஆனால் சட்டை அணிந்தவன் அடுத்த பத்து நாள் ஓதுவதற்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாய் கதவுக்குப் பின்னால் நின்று, "சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் ஹஜ்ரத்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்காதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் இறக்கிய வசனம், நாம் ஓதிய 267-க்கு மூன்று வசனங்கள் முன்னால்தான் இருக்கிறது. அன்று யாரும் வேண்டுமென்று சொல்லிக்காட்டவில்லை. நாம் ஏற்பாடு செய்த விதமே சொல்லிக்காட்டிவிட்டது.

அதனால் வெளியூர் ஜமாஅத் ஒன்றோடு பேசியிருக்கிறோம். நம் துணி அவர்களுக்குப் போகும், அவர்களுடையது நமக்கு வரும். ஒரு பகுதி, ஊருக்கு வெளியே செங்கல் சூளைகளில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு. அவர்கள் முஸ்லிம்களா என்று நாம் கேட்கப்போவதில்லை. எந்த இடத்திலும் வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கமாட்டோம், போட்டோ எடுக்கமாட்டோம். மேசையில் அளவுவாரியாக அடுக்கியிருக்கும். வந்து பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள், பிடிக்காததை விட்டுப்போவார்கள்.

ஒரு சட்ட விஷயம். இதை ஸகாத் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உங்கள் நகைக்கும் ரொக்கத்துக்கும் கடமையான ஸகாத் பழைய துணியால் நிறைவேறாது. இது ஸதகா, தனி.

சேகரிப்பு நாளை தொடங்குகிறது. பள்ளியின் பின்பக்க அறை, பெண்கள் தெற்கு வாசல் வழியாக வரலாம். கொடுப்பதற்கு முன் பாக்கெட்டுகளைத் தடவிப் பாருங்கள். போன வருடம் ஒரு பழைய கோட்டில் கிடைத்த மோதிரம் இன்னும் அலுவலக அலமாரியில் இருக்கிறது. அடையாளம் சொல்பவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.