எட்டு ரூபாய் எங்கே?

போன பங்குனியில் உடன்குடியிலிருந்து ஒரு போன். தெரிந்த பையன்தான். சென்னையில் பத்து வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். பனையேறும் குடும்பங்களிடம் கருப்பட்டி வாங்கி, சுத்தம் பண்ணி, பாக்கெட்டில் அடைத்து விற்கப்போகிறான். அறிமுக விழாவுக்குப் பந்தல் போட்டாயிற்று. “பேச்சு எழுதிட்டேன் அண்ணாச்சி. கொஞ்சம் பாத்துக் குடுத்தா நல்லாருக்கும்” என்றான்.

உடன்குடி தெரியும்தானே உங்களுக்கு? திருச்செந்தூர் பக்கம். 1986ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை திருநெல்வேலி ஜில்லா. செம்மண் தேரியும் பனையும். 2023ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பையனுக்குத் தைரியம் வந்ததும் அதற்குப் பிறகுதான்.

நேரில் போனேன். பேச்சைக் கையில் கொடுத்தான். அதில் ஒரு வாக்கியம் இது:

“ஆண்டுதோறும் எமது நிறுவனம் கொள்முதல் செய்யும் 9,125 கிலோ கருப்பட்டிக்கு, கிலோ ஒன்றுக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ள ரூ.520 விற்பனை விலையில் 38.46 விழுக்காடு, தேரிப் பகுதியில் பாரம்பரியமாகப் பனைத்தொழிலில் ஈடுபட்டுள்ள குடும்பங்களைச் சென்றடைகிறது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

தப்பு ஒன்றுமில்லை. ஆண்டறிக்கையில் அச்சடித்தால் ஜோராக இருக்கும். ஆனால் மைக்கில் சொல்லிப் பாருங்கள். நம் தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். அது வருகிறவரை முன்னால் சொன்னதையெல்லாம் கேட்கிறவர் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே மூன்று எண்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். படிக்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் கண்ணை இரண்டு வரி மேலே ஓட்டிக்கொள்வார். கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. காற்றில் போன எண் போனதுதான்.

இன்னொன்று. 9,125 என்பது தாளில் நாலே எழுத்து. வாயில் அது ‘ஒன்பதாயிரத்து நூற்றி இருபத்தைந்து’. பேசுகிறவருக்கே மூச்சு வாங்கும். அதனால் மேடைப் பேச்சில் எண்ணை எழுத்தால் எழுதச் சொல்வது என் வழக்கம். எழுதும்போதே கை வலித்தால், கேட்கும்போது காது வலிக்கும் என்று தெரிந்துவிடும்.

பேனாவை எடுத்தேன். வாக்கியத்துக்கு ஓர் எண், அதற்கு மேல் கூடாது என்று வைத்துக்கொண்டு இப்படி உடைத்தேன்:

“தினம் இருபத்தஞ்சு கிலோ கருப்பட்டி வாங்குறோம். ஒரு கிலோ விலை ஐநூத்தி இருபது ரூபாய். அதுல நூத்துக்கு நாப்பது ரூபாய் பனையேறுற குடும்பத்துக்குப் போகுது.”

9,125ஐ 365ஆல் வகுத்தால் சரியாக 25. 38.46ஐத் தூக்கி நாற்பதாக்கினேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. இந்த ‘தினம்’ வித்தை நான் ஸ்டீவ் ஜாப்ஸிடம் பார்த்தது. 2008 ஜனவரி 15ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோ மேடையில், ஐபோன் வந்து இருநூறு நாள் ஆகிறது, நாற்பது லட்சம் விற்றிருக்கிறோம் என்றார். அதோடு நிறுத்தவில்லை. சராசரியாக ஒரு நாளைக்கு இருபதாயிரம் என்று வகுத்தும் சொன்னார். நாற்பது லட்சம் மனசில் நிற்காது. ஒரு நாளைக்கு இருபதாயிரம் நிற்கும்.

உடைத்ததைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. விஷயம் தெரியாத ஒருவரை முதுகைக் காட்டி உட்காரவைத்துப் படித்துக் காட்டுவேன். கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசிவிட்டு, என்ன எண் ஞாபகம் இருக்கிறது என்று கேட்பேன். அன்றைக்குக் கிடைத்தவர் பையனின் பெரியம்மா. விஷயம் தெரியாதவர் என்று நான் நினைத்தது தப்பு. நாற்பது வருஷமாகப் பதநீர் காய்ச்சுகிற கை. திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். படித்தேன். கேள்வியே கேட்கவில்லை, அவரே திரும்பினார்.

“ஏல, கார்த்திகையில எவன்ல ஒனக்குத் தினம் இருவத்தஞ்சு கிலோ தாரான்?”

பதநீர் வெயில் காலத்துச் சமாச்சாரம். பையன் கொள்முதல் நடப்பது வருஷத்தில் நாலு மாசம்தான். அந்த நாலு மாசத்தில் தினம் எழுபத்தைந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். மற்ற எட்டு மாசம் பூஜ்யம். அதாவது, நான் வகுத்துக் கண்டுபிடித்த அந்த அழகான 25, வருஷத்தின் 365 நாளில் ஒரு நாள்கூட உண்மை இல்லை. கணக்கு சரி, சேதி பொய். போன் கடையில் தினமும் விற்கும், அதனால் அங்கே சராசரி ஓரளவு பொருந்தியது. பனைக்குப் பொருந்தாது.

‘சீசனில் தினம் எழுபது கிலோ’ என்று மாற்றலாமா என்று பார்த்தேன். அங்கே வேறு வம்பு. குழாய் ஸ்பீக்கரில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலக் கேட்கும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் அப்படித்தான், பாதி காதில் விழுவதற்குள் மீதி போய்விடும். கடைசியில், ‘வருஷத்துக்கு ஒம்பது டன். அதுவும் நாலே மாசத்துல’ என்று எழுதினேன். 125 கிலோவை விட்டுவிட்டேன். குறைத்துத்தானே சொல்கிறோம், யாருக்கும் நஷ்டமில்லை.

பெரியம்மா விடவில்லை. “நூத்துக்கு நாப்பதுன்னா ஐநூத்தி இருவதுக்கு எரநூத்தி எட்டு. நீ குடுக்கது எரநூறு. கிலோவுக்கு எட்டு ரூவா எங்கல?”

பேப்பர், பென்சில் இல்லாமல் சொன்னார். நான் பி.காம்.

சின்ன விஷயம்தானே, காதுக்கு வசதியாக ரவுண்டு பண்ணினோம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். கிலோவுக்கு எட்டு ரூபாய். 9,125 கிலோவுக்குப் பெருக்கினால் 73,000 ரூபாய். கொடுக்காத பணத்தைக் கொடுத்ததாக, வாங்காதவர்கள் முன்னாலேயே மைக்கில் சொல்லப் பார்த்தோம். பையனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, எனக்கும் கிடையாது. எங்களுக்கு வேண்டியிருந்தது ஓசை மட்டும்தான். ஆனால் ஓசைக்காக நகர்த்திய எண், நமக்குச் சாதகமான பக்கமாகவே நகர்ந்தது எப்படி? முப்பத்தெட்டை முப்பத்தைந்தாக்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

காலேஜில் கணக்குப்பதிவியல் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. வராத லாபத்தை வரவில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி, மார்க்கும் வாங்கினேன். மேடைக்கு எண்ணை முழுசாக்கும்போதும் அதே விதிதான் என்று அந்தத் திண்ணையில்தான் உறைத்தது. நமக்குப் பெருமை தரும் எண்ணைக் கீழ்ப்பக்கமாக உருட்ட வேண்டும். ஒன்பது டன் சரி, நாற்பது சரியில்லை.

அப்புறம் பார்த்தால், சதவீதமே தேவைப்படவில்லை. 38.46 என்பது 520ல் 200 என்பதற்குப் போட்ட கோட்டு சூட்டு. கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது இதுதான்: “ஒரு கிலோ ஐநூத்தி இருபது ரூபாய். அதுல எரநூறு ரூபாய் காய்ச்சிக் குடுக்குற குடும்பத்துக்கு.” ரவுண்டு பண்ணவே வேண்டாம். சதவீதத்தை மனசுக்குள் திருப்பிப் பெருக்குகிற வேலை கேட்கிறவருக்கு மிச்சம்.

அத்தோடு முடிந்தது என்று பேனாவை மூடினேன். பெரியம்மா கேட்டார்: “வெறகு?”

பதநீரைப் பாகு பதத்துக்குக் காய்ச்ச மணிக்கணக்காக அடுப்பு எரிய வேண்டும். விறகும் பானைக்குள் தடவுகிற சுண்ணாம்பும் அந்தக் குடும்பத்தின் செலவு. இருநூறு ரூபாய் அவர்கள் கைக்குப் போவது நிஜம், கையில் நிற்பது இருநூறு அல்ல. பையன் எழுதிய ‘சென்றடைகிறது’ என்கிற வார்த்தைக்குள் இதெல்லாம் காணாமல் போயிருந்தது. நீள வாக்கியத்தில் ஒளிந்திருந்ததை நான் குட்டை வாக்கியமாக்கி, மொத்தமாகவே வெளியே தள்ளிவிட்டேன்.

எனக்கு உடனே நானோ கார் ஞாபகம் வந்தது. ஜாப்ஸ் பேசியதற்கு ஐந்து நாள் முந்தி, 2008 ஜனவரி 10, டெல்லி ஆட்டோ எக்ஸ்போ. ரத்தன் டாடா மேடையில் விலையைச் சொன்னார், ஒரு லட்சம். டீலர் விலை அது, வாட் வரியும் வண்டிக்கூலியும் தனி என்பதையும் அங்கேயே சொன்னார், மறைக்கவில்லை. பிறகு, கொடுத்த வாக்கு வாக்குதான் என்றார். அரங்கம் கைதட்டியது. நம்மில் எத்தனை பேருக்கு அந்த நடு வாக்கியம் ஞாபகம் இருக்கிறது? ‘ஒரு லட்ச ரூபாய் கார்’ என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஷோரூமுக்குப் போனவர்தான் மீதியைத் தெரிந்துகொண்டார். டாடா பொய் சொன்னாரா? இல்லை. கேட்டவர்கள் முழு உண்மையோடு வீட்டுக்குப் போனார்களா? அதுவும் இல்லை. எண் முதலில் வந்துவிட்டால் காது அதைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறது. பின்னால் வருகிற ‘தனி’ வெளியே நிற்க வேண்டியதுதான்.

தமிழில் இதற்கு வழி இருக்கிறது. ‘வரி நீங்கலாக’, ‘விறகுச் செலவு போக’ என்பதெல்லாம் நம் பேச்சில் எண்ணுக்கு முன்னால் வருகிறவைதாம். வாக்கியத்தை உடைக்கும்போது அந்த வரிசையைக் கலைக்காமல் இருந்தால் போதும். ‘போக’வை வெட்டித் தனி வாக்கியமாக்கினாலும் முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

இப்படி எழுதிக் கொடுத்தேன்:

“விறகு அவங்க செலவு. சுண்ணாம்பு அவங்க செலவு. அதுக்கும் சேத்து நாங்க குடுக்குறது கிலோவுக்கு எரநூறு ரூபாய். விக்குற விலை ஐநூத்தி இருபது.”

பையன் இரண்டு தடவை படித்தான். “இது அறிமுக விழா அண்ணாச்சி. இப்படிச் சொன்னா மீதி முந்நூத்தி இருபது எங்கன்னு கேக்க மாட்டாங்களா?”

கேட்பார்கள்தான். பாக்கெட், சலிப்பு, லாரி, கடைக்காரர் கமிஷன் என்று அவனிடம் நியாயமான பதில் இருந்தது. ஆனால் மேடையில் பதில் சொல்லிக்கொண்டிருக்க யாருக்குப் பிடிக்கும்? நான் வற்புறுத்தவில்லை. பேச்சு அவனுடையது, பெயரும் அவனுடையது.

விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது டன்னைச் சொன்னான், நாலே மாசம் என்றான். தாளை ஒரு நிமிஷம் பார்த்தான். விறகைச் சொன்னான், சுண்ணாம்பைச் சொன்னான், இருநூறைச் சொன்னான். கைதட்டல் இல்லை. பெரியம்மா பக்கத்தில் இருந்த அம்மாளிடம் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் தலையாட்டினார். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் பையனைத் தனியாகக் கூட்டிப்போனார்கள். விறகுக்குக் கிலோவுக்கு எவ்வளவு சேர்க்கலாம் என்று பேச்சு ஓடியது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இருபதில் நின்றிருந்தது.