நாலு மணிக்கு டீ ரெடி

நல்ல சரக்கு தானாக விலை போகும், கூவி விற்கிறவன் சரக்கில்தான் ஏதோ கோளாறு என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். ஆட்கள் மாறாத தெருவில் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. மூலக்கொத்தளத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையின் பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் பல காலம் ஆகிறது. அதைப் படிக்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை. ஹார்பருக்குப் போகிற லோடுமேன்கள், லாரி டிரைவர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருந்துவிட்டு வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். யாருக்கு ஸ்ட்ராங், யாருக்குச் சர்க்கரை கம்மி என்பது கடைக்காரர் கைக்குத் தெரியும்.

கொஞ்ச தூரத்தில் அலங்கார விளக்குகளோடு ஒரு ஃபிரான்சைஸ் டீக்கடை வந்த பிறகு அவருக்கு யோசனை பிறந்தது. "சார், நீ எழுதற ஆளு. ரீல்ஸுக்கு நாலு வரி எழுதிக் குடேன்" என்றார். "கடை உங்களுது, நீங்க பேசுங்கண்ணே. நான் கூட உக்கார்றேன்" என்றேன். தன்னைப் பற்றித் தானே எவ்வளவு சொல்லிக்கொள்ளலாம் என்ற கேள்வி எனக்கும் வெகுநாளாக உண்டு. முப்பது நொடி ரீல் ஒன்றுக்காக அதைப் பேசித் தீர்க்க வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

அவர் பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தது இப்படித் தொடங்கியது: "வணக்கம் மக்களே! வட சென்னையின் நம்பர் ஒன் டீக்கடை! பாரம்பரிய சுவை, தரமான பால், கனிவான உபசரிப்பு…" கடையின் பெயரும் இடமும் கடைசி வரியில்தான் வந்தன. வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். ஒரு நிமிடத்தைத் தாண்டியது. "இப்பதான் மூணு நிமிஷம் வரைக்கும் போடலாம்னு பையன் சொன்னானே" என்றார். போடலாம்தான். 2020 ஜூன் மாதம் டிக்டாக் தடை செய்யப்பட்டு, அடுத்த மாதமே ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது 15 நொடிதான் இடம் இருந்தது. அது வளர்ந்து வளர்ந்து 2025-இல் மூன்று நிமிடமானது. ஆனால் பார்க்கிறவரின் கட்டைவிரல் அதற்கேற்பப் பொறுமை கற்றுக்கொள்ளவில்லை. தெரியாத கடையின் வீடியோவில் முதல் இரண்டு மூன்று நொடிக்குள் தனக்கானது எதுவும் இல்லையென்றால் அது மேலே தள்ளிவிட்டுப் போய்விடும். "வணக்கம் மக்களே" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

நிதானமான தமிழ்ப் பேச்சில் நொடிக்குச் சுமார் இரண்டு சொல் அடங்கும். அந்தக் கணக்கில் முப்பது நொடிக்கு அறுபது சொல். நடுவில் பாய்லர் சத்தத்துக்கும் டீ ஆத்துகிற சத்தத்துக்கும் இடம் விட்டால் நாற்பது போதும். எதை வெட்டுவது என்பதற்கு ஒரே சோதனை வைத்தோம். இந்த வரியைப் பக்கத்துக் கடைக்காரரும் சொல்லலாமா? சொல்லலாம் என்றால் அடி. நம்பர் ஒன் போயிற்று, பாரம்பரியம் போயிற்று, கனிவும் போயிற்று. "எங்க சுக்கு காப்பி குடிச்சா சளி போயிடும்" என்று ஒரு வரி இருந்தது. உணவுப் பண்டம் நோயைப் போக்கும் என்று விளம்பரம் செய்வதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன என்றதும் அதை அவரே அடித்தார். நோட்டில் மிஞ்சியது கடைப் பெயர் மட்டும்.

"அப்போ என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணியுமே இல்லியா சார்?" என்று கேட்டார். அந்தக் குரலில் கொஞ்சம் அடி விழுந்திருந்தது.

காலையில் எத்தனை மணிக்குக் கடை திறக்கிறீர்கள் என்று கேட்டேன். மூணரைக்குப் பாய்லர் பற்ற வைப்பதாகவும் நாலு மணிக்கு முதல் கிளாஸ் என்றும் சொன்னார். அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது போல முகம். ஒருவர் தவறாமல் செய்கிற காரியம் அவர் கண்ணுக்குத் தகுதியாகவே தெரிவதில்லை. எப்போதாவது செய்கிற மசாலா டீயைப் பற்றி மூன்று வரி எழுதியவர், தினமும் இருட்டில் எழுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

நாலு மணிக்கு யாருக்கு டீ வேண்டும்? லோடுமேன்களுக்கு ரீல் தேவையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே வியாசர்பாடி, பெரம்பூர் பக்கமிருந்து பைக்கில் கூடையோடு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேசின் பிரிட்ஜ் வழியாக வருகிறவர்கள் இவர் கடையைத் தாண்டித்தான் போகிறார்கள். அப்படி ஒரே ஒரு ஆளைக் கண்முன் நிறுத்திக்கொண்டதும் வசனம் தானாக வந்தது. தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் பேச்சு என்று எழுதினோம். அதைத் தொடர்ச்சியாகச் சொன்னால் இப்படி:

முதல் நான்கு நொடி: இருட்டுத் தெரு, மூடிய ஷட்டர்கள், ஒரு கடையில் மட்டும் வெளிச்சம். "ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போறீங்களா?"

பத்தாவது நொடி வரை: பாய்லரில் ஆவி. "விடியக்காலம் நாலு மணிக்கு மூலக்கொத்தளத்துல டீ ரெடி."

பதினெட்டு வரை: ஆத்துகிற கை, நுரையோடு கிளாஸ். "ஸ்ட்ராங்கா, லைட்டா, சர்க்கரை கம்மியா, எப்டி கேக்கறீங்களோ அப்டி."

இருபத்தைந்து வரை: சாலையிலிருந்து கடை தெரியும் விதம். "பேசின் பிரிட்ஜ்ல இருந்து வந்தா, சுடுகாடு தாண்டி இடது கைப் பக்கம்."

கடைசியில்: பைக்கில் கூடையோடு ஒருவர் கிளம்புகிறார். "போறப்பயும் திறந்திருக்கும், வர்றப்பயும் திறந்திருக்கும்."

நான்காவது வரியில் பெரிய வாக்குவாதம். "நல்ல காரியம் பேசசொல்ல சுடுகாடுன்னு சொல்லணுமா சார்?" என்றார். 1939-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் அடக்கமானார்கள், அவர்கள் நினைவிடம் என்று சொல்லலாமே என்று பார்த்தோம். ஆனால் பைக்கில் வருகிறவர் அந்த இடத்தை மனசில் எந்தப் பெயரில் வைத்திருக்கிறாரோ அதுதான் அடையாளம். வடசென்னையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் மூலக்கொத்தளம் என்றதும் சுடுகாட்டைத்தான் சொல்வார்கள். கடைசியில் அவரே முடிவு செய்தார்: "சாவுக்கு வந்தவங்களுக்கும் இங்கதான டீ போட்டுக் குடுக்கறேன். நான் ஏன் கூச்சப்படணும்?"

வேறொரு வரி இருந்தது: "வண்டிய விட்டு இறங்கவே வேணாம், கையில கொண்டாந்து குடுப்போம்." கேட்க நன்றாக இருந்தது. அவர்தான் பேனாவை வாங்கி அடித்தார். ஒண்டி ஆள் நிமிடத்துக்கு இரண்டு டீ போடலாம், பாய்லரை விட்டு நகர்ந்தால் அதுவும் போச்சு. விலையையும் வீடியோவுக்குள் போடவில்லை. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆனதை அவர் மறக்கவில்லை. போட்ட ரீலுக்குள் இருக்கும் எழுத்தை மாற்ற முடியாது, கீழே எழுதும் குறிப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் விலை குறிப்புக்குப் போயிற்று.

படம் பிடித்தது அவர் மகன், சாதாரண போனில். முதலில் எடுத்ததில் ஆவியே தெரியவில்லை. முன்னால் இருந்து வெளிச்சம் அடித்தால் ஆவி கரைந்துவிடும். விளக்கைப் பாய்லருக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் வைத்ததும் இருட்டுப் பின்னணியில் வெள்ளையாக எழும்பியது. லென்ஸில் படியும் வடை எண்ணெயையும் ஈரத்தையும் ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டியிருந்தது. மகன் முகவரியைத் திரையின் அடியில் போட்டான். அங்கேதான் கணக்கின் பெயரும் குறிப்பும் வந்து மூடும், வலது ஓரத்தில் லைக் பொத்தான்கள். எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே ஏற்றினோம். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் பலர் என்பதால் பேச்சு முழுவதையும் எழுத்தாகவும் போட்டோம். குரலைக் கடை மூடிய பிறகு, போனை வாய்க்கருகில் பிடித்துத் தனியாகப் பதிந்தோம். சினிமாப் பாட்டு வேண்டும் என்று அவருக்கு ஆசை. வியாபாரக் கணக்கு என்று பதிந்தால் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை கிடைக்காது, உரிமையில்லாமல் சேர்த்தால் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். கிளாஸ் சத்தமும் தூரத்து ரயிலும் போதும் என்று விட்டோம். பெஞ்சில் இருந்த ஒரு லோடுமேன், "என்னை எடுக்காதப்பா" என்று எழுந்து போனார். அவர் பாதி விழுந்திருந்த காட்சியையும் நீக்கினோம்.

எப்போது போடுவது என்பதும் கேள்விதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில் காசிமேட்டுக் கூட்டம் குறையும். தடை முடிந்து படகுகள் திரும்பத் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போட்டார்.

லட்சம் பேர் பார்க்க வேண்டும் என்பது மகனின் கனவு. எனக்கு டெல்லி மாளவியா நகரின் 'பாபா கா டாபா' நினைவுக்கு வந்தது. 2020 அக்டோபரில் காந்தா பிரசாத் என்ற முதியவர் வியாபாரமில்லாமல் அழுத வீடியோ நாடெங்கும் பரவி, மறுநாளே கடைமுன் கூட்டம் குவிந்தது. டிசம்பரில் பெரிய உணவகம் திறந்தார். கூட்டம் வடிந்தது, செலவு வடியவில்லை. 2021 பிப்ரவரியில் அதை மூடிவிட்டுப் பழைய தெருவோரக் கடைக்கே திரும்பினார். பார்வை எங்கிருந்தும் வரும், டீ குடிக்க நடந்துவரும் தூரத்தில்தான் ஆள் வேண்டும். எனவே நாங்கள் வைத்துக்கொண்ட அளவு ஒன்றே: ஞாயிறு நாலு மணியிலிருந்து ஆறு வரை எத்தனை கிளாஸ் போனது, முந்தைய வாரங்களைவிட எவ்வளவு கூட. பெரிய வெள்ளமில்லை. கூடை மாட்டிய பைக்குகள் சில நிற்கத் தொடங்கின, சில திரும்பி வரும்போதும் நின்றன.

பெருமை என்பது நான் இன்னார் என்று சொல்வது. வாக்கு என்பது நான் இன்னதைச் செய்வேன் என்று சொல்வது. முன்னதைச் சொல்லத்தான் கூச்சப்பட வேண்டும். பின்னதை ஊருக்கே சொல்லலாம், சொன்ன பிறகு அது சொன்னவரைத்தான் கட்டிப்போடும். பெஞ்சிலிருந்து எழுந்து போன அதே லோடுமேன் ஒருநாள் கேட்டார்: "இன்னா நைனா, நாலு மணிக்குத் தெறப்பேன்னு ஊருக்கே சொல்ட்டியாமே? இனிமே நீ தூங்க முடியாது." கடைக்காரர் சிரித்தார். அடுத்த வாரம் மச்சானைக் கூட்டிவந்து பாய்லர் பக்கத்தில் நிறுத்தி, டிக்காஷன் பதம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். தனக்கு உடம்பு முடியாத ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணி நாலு மணியாகவே இருக்க வேண்டுமாம்.