பிப்ரவரி 3 எப்படி வந்தது

ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதைகளில், நாயகன் எப்படி மாட்டிக்கொண்டான் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. சாபம், மின்னல், குகை என்று எதையாவது சொல்லி ஒருவனை மாட்டிவிடலாம். எப்படி வெளியே வந்தான் என்பதில்தான் கதாசிரியர் வசமாகச் சிக்குவார். ஒரு மனிதனுக்கு அடுத்த நாளைக் கொடுக்கலாம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று நாம் அவரைக் கேட்கலாம். அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த வகைக்கெல்லாம் தலைப்பிள்ளையாகச் சொல்லப்படுவது 1993இல் வந்த ‘கிரவுண்ட்ஹாக் டே’. இதே உத்தியில் அதற்கு முன்பும் கதைகள் உண்டு. ஆனால் ஊரறியச் செய்தது இதுதான். கதை டேனி ரூபினுடையது. திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதி இயக்கியவர் ஹெரால்ட் ராமிஸ். பிட்ஸ்பர்க் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் ஃபில் கானர்ஸாக பில் மர்ரி. பிப்ரவரி 2 அன்று வளையிலிருந்து வெளியே வரும் ஒரு குண்டுப் பிராணி தன் நிழலைப் பார்த்தால் குளிர்காலம் இன்னும் ஆறு வாரம் நீளும் என்பது அமெரிக்க நாட்டுப்புற நம்பிக்கை. அந்தச் சடங்கைப் படம்பிடிக்க பங்க்ஸட்டானி என்ற சிற்றூருக்கு வருகிறான் ஃபில். ஊரையும் பிடிக்காது, ஊர்க்காரர்களையும் பிடிக்காது. திரும்பும் வழியைப் பனிப்புயல் அடைத்துவிடுகிறது. அந்தப் புயல் இந்தப் பக்கமே வராது என்று முன்னறிவித்தவன் அவன்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு ரேடியோவில் நேற்றுப் பாடிய அதே பாட்டு. ஜன்னலுக்கு வெளியே அதே பிப்ரவரி 2.

அவனுக்கு முதலில் வருவது பயம், அடுத்து குஷி. மதுக்கடையில் அறிமுகமான இரண்டு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு ரயில் தண்டவாளத்தின் மேல் ஓட்டுகிறான். போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடைக்கிறது. காலையில் கண்விழித்தால் லாக்கப் இல்லை, விடுதிக் கட்டில்! இனி எதற்கும் தண்டனை கிடையாது. பணம் ஏற்றும் வண்டியின் காவலர்கள் எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு, சாவகாசமாக நடந்துபோய் மூட்டையைத் தூக்குகிறான். ஒரு பெண்ணிடம் இன்று பெயர், பள்ளிக்கூடம், ஆசிரியை பெயர் எல்லாம் கேட்டுக்கொள்கிறான். மறுநாள் அவளுடைய பழைய வகுப்புத் தோழனாகப் போய் நிற்கிறான்.

இதே வித்தையை உடன் வந்த தயாரிப்பாளர் ரீட்டாவிடம் (ஆண்டி மெக்டவல்) காட்டும்போதுதான் படம் நகைச்சுவையிலிருந்து நகராமலேயே ஆழத்துக்குப் போகிறது. அவளுக்குப் பிடித்த பானம் எது, எதைச் சொல்லி வாழ்த்திக் குடிப்பாள், கல்லூரியில் என்ன படித்தாள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு தகவல் சேர்கிறது. ஒருநாள், பிரெஞ்சுக் கவிதை படித்தேன் என்கிறாள். விழுந்து விழுந்து சிரித்து, வெட்டி வேலை என்கிறான். மறுமுறை அதே இடத்தில் பிரெஞ்சிலேயே கவிதை சொல்கிறான். ஓரிரவு எல்லாம் கூடி வருகிறது. பனியில் பொம்மை செய்கிறார்கள். பிள்ளைகளோடு பனி உருண்டை வீசி விளையாடித் தடுமாறி விழுகிறார்கள். அந்த விழுதலில் ஒரு நெருக்கம் தானாக வருகிறது. பிறகு அவன் அவசரப்படுகிறான், அவளுக்குச் சந்தேகம் தட்டுகிறது, அறை விழுகிறது. அடுத்த நாள் அதே பனி, அதே பிள்ளைகள், அதே விழுதல். இம்முறை அவன் விழ வேண்டும் என்று விழுகிறான். பார்க்கிற நமக்கே கூச்சமாக இருக்கிறது. அதற்குப் பிறகு இரவுக்கு இரவு அறைகள்தான்.

அவளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற கட்டத்தில்தான் அவன் முழுதாகத் தோற்கிறான். அவன் சேர்த்த தகவல் எல்லாம் பூட்டுக்குச் சாவி தேடும் தகவல். எதிரில் இருப்பவள் தன்னையும் ஒருமுறை திகைக்க வைக்கலாம் என்ற இடமே அதில் இல்லை.

அடுத்து வருவது இருட்டு. அந்தப் பிராணியையே கடத்திக்கொண்டு போய்ப் பள்ளத்தில் வண்டியை விடுகிறான், குளியல் தொட்டியில் ரொட்டி வாட்டும் மின்கருவியைப் போட்டுக்கொள்கிறான், கோபுரத்திலிருந்து குதிக்கிறான். காலை ஆறு மணிக்கு அதே பாட்டு. கடைசியில் வேறு வழியில்லாமல் ரீட்டாவிடம் உண்மையைச் சொல்கிறான். உணவகத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் கதையையும் ஒப்பித்து நிரூபிக்கிறான். அவளும் நம்பி, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று அன்றிரவு கூடவே தங்குகிறாள். தொப்பிக்குள் சீட்டை வீசி விளையாடுகிறார்கள். அவள் தூங்கியதும், அவளைப் பற்றி மனதில் உள்ளதைத் தணிந்த குரலில் சொல்கிறான்.

இங்கே முடிந்திருக்கலாம். பாதிக் கதாசிரியர்கள் இங்கேதான் முடித்திருப்பார்கள். வஞ்சம் போயிற்று, உண்மை வந்தது, அன்பு வந்தது, நாயகியும் பக்கத்தில் இருக்கிறாள். ஆனால் காலை ஆறு மணிக்கு அதே பாட்டு, அவள் இல்லை. இந்த ஒரு காட்சிக்காகவே ரூபினையும் ராமிஸையும் கும்பிடலாம். நல்லவனானால் விடுதலை என்ற எளிய கணக்கை அவர்கள் அங்கேயே கிழித்துப் போடுகிறார்கள்.

அந்தக் காலையில் அவன் செய்வது இரண்டே காரியம். நாள்தோறும் தட்டிக்கழித்த தெருவோரக் கிழவரின் கையில் சட்டைப்பையில் இருந்த பணம் முழுவதையும் திணிக்கிறான். படப்பிடிப்புக் குழுவுக்குக் காபி வாங்கிக்கொண்டு போகிறான். பிறகு பியானோ கற்கப் போகிறான். ஆசிரியைக்கு ஒவ்வொரு நாளும் அவன் புது மாணவன்தான். அதே கிழவர் ஓரிரவு இறந்துபோகிறார். மறுநாள் சூப் வாங்கிக் கொடுத்துப் பார்க்கிறான், இன்னொரு நாள் சந்தில் மண்டியிட்டு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுகிறான். அவர் ஒவ்வொரு முறையும் போய்விடுகிறார். எத்தனை தடவை திருப்பி எழுதினாலும் இந்த வரி மாறாது என்று அவன் தெரிந்துகொள்கிறான்.

இந்த உலகத்தின் வரவு செலவை யோசித்துப் பாருங்கள். பணம் காலையில் அழிந்துவிடுகிறது, செய்த தப்பும் அழிந்துவிடுகிறது, செய்த நல்லதும் அழிந்துவிடுகிறது. ஒரு சிறுவன் மரத்திலிருந்து விழுகிறான். ஃபில் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கிறான். பையன் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் ஓடுகிறான். நேற்றும் அப்படித்தான், நாளையும் அப்படித்தான். அவனைத் திட்டிக்கொண்டே, நாளைக்குப் பார்ப்போம் என்று போகிறான் ஃபில். மறுநாளுக்குக் கடந்து வருவது அவன் நினைவும் விரல்களில் ஏறிய பியானோவும் மட்டும்தான்.

என் பெரியம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிவிட்டது. பெரியப்பா இறந்து பல வருடம் ஆகியும், மதுரைக்குப் போனவர் வந்துவிட்டாரா என்று தினமும் காலையில் கேட்பார். முதலில் உண்மையைச் சொன்னோம். ஒவ்வொரு நாளும் புதிதாக அழுதார். பிறகு, சாயங்காலம் வருவார் பெரியம்மா என்று பொய் சொல்லப் பழகினோம். என் அக்காதான் ஒருநாள், அவர் மதுரையிலிருந்து வந்தால் என்ன வாங்கி வருவார் என்று திருப்பிக் கேட்டாள். பெரியம்மா முகம் மலர்ந்து, அவர் எதுவும் வாங்கி வராமல் வந்து திட்டு வாங்கிய கதையைச் சொன்னார். நாங்கள் கேட்டறியாத கதை. அன்று சொன்னது மறுநாள் அவருக்கு நினைவில்லை. கேட்ட எங்களுக்கு இருந்தது. ஃபில் அந்த ஊரில் இருந்த நிலைமை இதுதான் என்று எனக்குத் தோன்றும். நினைவு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும் உறவில், எதைச் செய்தாலும் பதிலுக்குக் கேட்க ஆள் கிடையாது.

கடைசி நாளுக்கு வருகிறேன். அன்று ஃபில் ரீட்டாவை வளைக்க எதுவும் செய்யவில்லை. காபி குடிக்கலாமா என்று அவள்தான் கேட்கிறாள். வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்கிறான். டயர் பஞ்சரான மூதாட்டிகள், தொண்டையில் இறைச்சி அடைத்துக்கொண்ட பிரமுகர் என்று அவனுக்குச் சுற்று வேலை நிறைய. இரவு விருந்தில் அவள் நுழைந்தால் மேடையில் அவன் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொருவராக வந்து அவனுக்கு நன்றி சொல்கிறார்கள். தெருவில் கண்டாலே அவன் ஓடி ஒளிந்த, ஒருமுறை முகத்தில் குத்தே விட்ட, இன்சூரன்ஸ் முகவர் நெட் ரயர்சன்கூட உச்சி குளிர்ந்து நிற்கிறார். அவர் விற்ற பாலிசி அத்தனையையும் ஃபில் வாங்கிவிட்டான். ஒவ்வொரு சுற்றிலும் அதே நெட், அதே சிரிப்பு. ஃபில் எவ்வளவு மாறியிருக்கிறான் என்று நாம் அளந்துகொள்ள வைத்த அளவுகோல் அந்த மனிதர். பிறகு தர்ம ஏலம். ஃபில்லை மேடையில் நிறுத்தி ஏலம் விடுகிறார்கள். பெண்கள் போட்டி போட, ரீட்டா காசோலைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கணக்கில் இருக்கும் 339 டாலர் 88 சென்ட்டையும் அப்படியே சொல்கிறாள்.

அந்த 88 சென்ட்டைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். எத்தனையோ வருடமாக அந்த ஊரில் எல்லாமே அவன் போட்ட திட்டப்படி நடந்தது. இந்தத் தொகையை அவன் திட்டமிடவில்லை, கேட்கவும் இல்லை. மறுநாள் காலை பாட்டு ஒலிக்கும்போதும், நாள் மாறியதை அவனுக்குச் சொல்வது ரேடியோவை நிறுத்த அவன் மேல் நீளும் அவள் கைதான். மற்றவர்கள் எல்லாம் பொம்மைகளாக, ஒருவன் மட்டும் ஆளாக இருந்த உலகம்தான் அந்தச் சுழல் என்றும், இன்னொரு ஆள் தானாக வந்து ஒன்றைச் செய்ததும் அது உடைகிறது என்றும் நான் வாசிக்கிறேன். சீட்டு வீசிய இரவில் அவளாகத்தானே தங்கினாள் என்று கேட்டால், என் வாசிப்பு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அன்று என்ன நடக்கிறது என்று பார்க்க, ஒரு சாட்சியாகத்தான் தங்கினாள் என்று சமாளிப்பேன். படம் எதையும் உறுதி செய்வதில்லை.

செய்யாமல் விட்டதும் நல்லது. ஒரு கட்டத்தில் திரைக்கதையில் காரணம் இருந்தது. ஃபில் கைவிட்ட பழைய காதலி ஒருத்தி வைத்த சாபம் என்று. அதை எடுத்துவிட்டார்கள். இருந்திருந்தால் சாபத்தை முறிக்கும் வழி என்ன என்ற துப்பறியும் வேலையில் ஃபில் இறங்கியிருப்பான். கிழவருக்கு ஊட்டிய சூப்கூடப் பரிகாரம் ஆகியிருக்கும்.

2020இல் வந்த ‘பாம் ஸ்பிரிங்ஸ்’ நேர் எதிர்வழியில் போகிறது. கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்ட இருவரில் சாரா சுற்றுச் சுற்றாக உட்கார்ந்து குவாண்டம் இயற்பியல் படித்து, ஓர் ஆட்டை வைத்துச் சோதித்து, குகையில் வெடிவைத்து வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்கிறாள். வழி கிடைத்தபின்னும் நைல்ஸ் தயங்குகிறான். இங்கேயே சுகமாக இருக்கலாமே என்கிறான். அங்கே பூட்டு உள்பக்கம் இருக்கிறது. நம் வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) வில்லனுக்கும் நினைவு வந்துவிட்ட பிறகுதான் சூடு பிடிக்கிறது, எஸ்.ஜே.சூர்யா அலுத்துக்கொள்ளும் அழகே அழகு. இரண்டு பேருக்கு நினைவிருந்தால் ஒன்று சண்டை நடக்கும், அல்லது காதல் நடக்கும்.

ரீட்டாவின் தரப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. அவளுக்கு அவனை ஒரே நாள்தான் தெரியும். அவனுக்கோ அவளை எத்தனையோ வருடமாகத் தெரியும். அந்தக் காலத்தைப் பத்து வருடம் என்று சொல்லிவந்த ராமிஸ், பின்னால் முப்பது, நாற்பது வருடம் இருக்கும் என்று திருத்தினார். இவ்வளவு ஏற்றத்தாழ்வோடு ஒரு உறவு தொடங்குவது நியாயமா என்று படம் கேட்பதில்லை. ஆனால் பிப்ரவரி 3இலிருந்து அவனுக்கும் எதுவும் தெரியாது. அடுத்து அவள் என்ன சொல்வாள் என்று முதல் தடவையாகக் காத்திருக்க வேண்டியவன் ஆகிறான். விடுதியை விட்டுப் பனியில் இறங்கியதும், இந்த ஊரிலேயே குடியிருக்கலாம் என்கிறான் ஃபில். உடனே, முதலில் வாடகைக்கு எடுப்போம் என்று சேர்த்துக்கொள்கிறான்.