14 நாள் கழித்து வருபவர்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் நாம் எழுதிவைக்கும் வரவேற்புச் செய்தி புதியவருக்கு மட்டும் போவதில்லை. 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதும் பழைய வாடிக்கையாளருக்கும் தானாகவே போகும். மூன்று வாரம் முன்பு சேலை வாங்கியவர், முதல் துவைப்பிலேயே சாயம் போய்விட்டதென்று படத்தோடு எழுதுகிறார். உடனே "வாங்க வாங்க!" என்று பூங்கொத்தும் சிரிப்பு முகமுமாக ஒரு பதில் வந்து விழுகிறது. மனம் எவ்வளவு நோகும்!

அந்த முதல் செய்தியில் எமோஜி வேண்டாம். "வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. காலை 10 முதல் இரவு 8 வரை கடையில் இருப்போம், ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்வோம்" என்பது வாங்க வருபவருக்கும் பொருந்தும், குறையோடு வருபவருக்கும் பொருந்தும். சிரிப்பு முகத்தை அவர் அனுப்பிய பிறகு நாமும் அனுப்பலாம். ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், மூன்று மணி நேரம் என்றே எழுதிவையுங்கள்.